நீண்ட மடலும் குறுகிய பதிலும்

உயர்தர வகுப்பில் படிக்கும் எங்களுக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. பாடசாலை விட்டு வந்து ரியூசனுக்கு வெளிக்கிடும் வரை இருபது நிமிடம், மஃரிபுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே அரை மணித்தியாலம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு துண்டு நேரத்துக்குள் தோழி ஒருத்தியின் நீண்ட மடல் வட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. அவள் மனத்தில் கிடந்ததையெல்லாம் இறக்கி வைத்திருக்கிறாள். அதற்குச் சரியாகப் பதில் எழுத ஒரு மணித்தியாலம் வேண்டும். எங்களிடம் இருப்பதோ பத்து நிமிடம்.

இந்த இடத்தில் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர், "ஆறுதலாக இருந்து நல்லதாக எழுதுவோம்" என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். அந்த ஆறுதலான நேரம் நாலு நாளாகியும் வருவதில்லை. மடல் வாசிக்கப்பட்டதற்கான நீல நிற அடையாளம் மட்டும் அவளுடைய தொலைபேசியில் தெரிந்துகொண்டே இருக்கும். வேறு சிலர் உடனே, "கவலைப்படாதடீ, எல்லாம் சரி வரும்" என்று எழுதி ஓர் இதயப் படத்தையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். முதலாமவர் அவளைக் காத்திருக்க வைக்கிறார். இரண்டாமவர் பதில் எழுதியும், மடலை வாசித்தாரா என்ற சந்தேகத்தை விட்டுச் செல்கிறார்.

பதில் குறுகியதாக இருப்பதால் அன்பு குறைந்துவிடாது. வேறு எந்த மடலுக்கும் அப்படியே அனுப்பக்கூடிய பதிலில்தான் அன்பு தெரியாமல் போகிறது. ஆகவே, குறுகிய பதிலில் எதை வைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப்போகிறேன்.

சிறையிலிருந்து வந்த ஒரு வரி

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் ஒரு சிறுவனுக்குக் கிடைத்த பதில். 1930களின் தொடக்கத்தில் மகாத்மா காந்தி பூனாவுக்கு அருகிலுள்ள எரவாடா சிறையில் இருந்தார். சபர்மதி ஆசிரமத்துப் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். அவரும் சிறிய தாள் துண்டுகளில் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி அனுப்புவார். பெரும்பாலும் ஒரு வரி, இரண்டு வரி. ஆசிரமத்தில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர், காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயின் மகன் நாராயண் தேசாய். 1924இல் பிறந்த அவர் அப்போது சின்னப் பையன். தன் நீண்ட கேள்விகளுக்கு இப்படிச் சின்னஞ்சிறு பதில் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ஒரு கடிதத்தில் அவர் முறைப்பாடு எழுதினார். கீதையிலே அருச்சுனன் சிறிய கேள்வியாகத்தான் கேட்கிறான், கண்ணன் அதற்கு ஓர் அத்தியாயம் முழுவதும் பதில் சொல்கிறான். நாங்களோ நீளமாகக் கேட்கிறோம், நீங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள், இது எப்படி நியாயம் என்பது அதன் கருத்து. காந்தி அதற்கும் ஒரு வரிதான் எழுதினார். கண்ணனுக்கு இருந்தது ஒரே ஓர் அருச்சுனன், எனக்கோ எத்தனையோ அருச்சுனர்கள் என்பதே அந்தப் பதில். நாராயண் தேசாய் பெரியவரான பின்பும் இதை மறக்கவில்லை. தன் இளமை நினைவுகளை எழுதியபோது இதையும் எழுதினார்.

ஒரு வரிப் பதிலை ஒருவர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்க அதில் என்ன இருந்தது? மூன்று விடயங்கள் இருந்தன என்று நினைக்கிறேன்.

முதலாவது, பதில் அந்தப் பையனுடைய கடிதத்திலிருந்தே எடுக்கப்பட்டது. கண்ணனையும் அருச்சுனனையும் காந்தி தேடிப் போகவில்லை, பையன்தான் கொண்டுவந்தான். அவன் தந்ததையே எடுத்து அவனிடம் திருப்பிக் கொடுத்ததால், கடிதம் முழுவதும் வாசிக்கப்பட்டது என்பது அவனுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். அந்த வரியை வேறொரு பிள்ளைக்கு அனுப்பியிருந்தால் அதற்கு அர்த்தமே இருந்திராது.

இரண்டாவது, குறுகிய பதிலுக்கான காரணம் உண்மையாகச் சொல்லப்பட்டது. எழுத வேண்டியவர்கள் நிறையப் பேர் என்பதுதான் காரணம். அதை மறைத்துச் சாட்டுச் சொல்லவும் இல்லை, பத்து வரிக்கு மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

மூன்றாவது, அந்தக் காரணம் பையனைச் சிறுமைப்படுத்தவில்லை. "எனக்கு வேலை அதிகம்" என்று எழுதியிருந்தால் அவன் ஒரு தொந்தரவாக மாறியிருப்பான். "எத்தனையோ அருச்சுனர்கள்" என்றபோது அவனும் ஓர் அருச்சுனன் ஆகிவிட்டான்.

இதே ஒழுங்கு எங்கள் நாவில் தினமும் இருக்கிறது. ஒருவர் ஸலாம் சொன்னால் அதே அளவிலாவது அதைவிட அழகாகவாவது பதில் சொல்ல வேண்டும் என்று சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். அழகாக என்பதற்காக நாங்கள் பெரிய பேச்சு ஒன்றும் பேசுவதில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றவருக்கு அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, "வரஹ்மதுல்லாஹ்" என்று ஒன்றைச் சேர்க்கிறோம். அவர் தந்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், எங்களுடையதாக ஒன்றைக் கூட்டுகிறோம். குறுகிய மடலுக்கும் இதுவே அளவு.

ஒரு மடலை எடுத்துப் பார்ப்போம்

இனி உண்மையான ஒரு மடலுக்கு வருகிறேன். எழுதியவள் என் தோழி. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகு, அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றித் தருகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு எங்கள் குடும்பங்களில் பல புத்தளம் பகுதியில் வேர் விட்டன. இன்றும் ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. என் தோழி சாதாரண தரம் வரை யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்தாள், பிறகு குடும்பத்தோடு புத்தளம் போய்விட்டாள். ஒரு புதன்கிழமை பின்னேரம் நாலு மணி கடந்து அவளுடைய மடல் வந்தது. நாலரைக்கு எனக்கு வகுப்பு.

"ஸலாம்டீ. எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறன். உம்மும்மா வழுக்கி விழுந்து கால் வீங்கி, நடக்கேலாமல் இருக்கிறா. காலையில உம்மாவுக்குத் தனியக் கஷ்டம். அதால ரெண்டு கிழமையா நான் சுணங்கித்தான் பள்ளிக்கூடம் போறன். பொருளியலில இந்தத் தவணை நாற்பத்தொன்று. வாப்பா ஒண்டும் சொல்லேல்ல, அதுதான் கூடக் கவலை. இஞ்ச பிள்ளையள் நல்லவங்கதான். ஆனா இன்னும் என்னை யாழ்ப்பாணத்துப் பிள்ளை எண்டுதான் கூப்பிடுறாங்க. அங்க இருக்கேக்க எங்களைப் புத்தளத்தார் எண்டு சொன்னவங்க, ஞாபகமா? சிரிப்புத்தான் வருது. உங்கட வகுப்புப் படம் பார்த்தன், வடிவா இருக்கு. நான் நிக்கிற இடத்தில இப்ப வேற ஆள் நிக்கிறா. சரி, நீ படி. உனக்குச் சோதினை கிட்ட வருது. நேரம் இருந்தா மட்டும் எழுது. எனக்காக துஆ செய்."

இந்த மடலில் பதில் எழுதக்கூடிய விடயங்கள் குறைந்தது ஐந்து இருக்கின்றன. உம்மும்மாவின் கால், பிந்திப் போவது, பொருளியல் புள்ளி, வாப்பாவின் மௌனம், இரண்டு ஊரிலும் ஊர் இல்லாத நிலை. ஆறாவதாக அந்தப் படம். ஐந்து நிமிடத்தில் ஆறுக்கும் பதில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்தான் கிடைக்கும். அது கடைக்குக் கொண்டுபோகும் சாமான் பட்டியல் மாதிரி இருக்கும். ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். எதை?

மடலில் முதலில் வருவது பெரும்பாலும் மனத்தை அழுத்துவது அல்ல. சொல்ல இலகுவானதை முன்னால் வைத்து, சொல்லக் கடினமானதைப் பின்னால் வைப்பது மனித வழக்கம். மருந்தெடுக்கப் போனவர் எழுந்து போகும்போதுதான் உண்மையான நோவைச் சொல்வார் என்பார்களே, அது போல. நீண்ட மடலை வட்ஸ்அப் மடித்துத்தான் காட்டும். மிச்சத்தை வாசிக்கத் தொட்டு விரிக்க வேண்டும். அவசரத்தில் விரிக்காமல் விட்டால், முக்கியமான வரி அந்த மடிப்புக்குள்ளேயே கிடந்துவிடும்.

ஆகவே அந்த வரியைத் தேட எனக்கு மூன்று அடையாளங்கள் உதவுகின்றன. சொன்ன உடனே பேச்சை மாற்றிவிடும் வரி ஒன்று. அதற்கு முன்னோ பின்னோ "சிரிப்புத்தான் வருது", "சரி விடு" போன்ற ஒரு மூடி இருப்பது இன்னொன்று. அந்த வரி உங்களைப் பற்றியதாகவும் இருந்தால் அது மூன்றாவது அடையாளம். வாப்பாவின் மௌனத்தை அவள் யாரிடமும் சொல்லலாம். படத்தில் தன் இடத்தில் வேறொருத்தி நிற்பதை என்னிடம் மட்டுமே சொல்ல முடியும், ஏனென்றால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்பவள் நான்.

"நான் நிக்கிற இடத்தில இப்ப வேற ஆள் நிக்கிறா. சரி, நீ படி." இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான் மடல் முழுவதும் இருக்கிறது. "நின்ற இடம்" என்று அவள் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். "நிக்கிற இடம்" என்றுதான் எழுதினாள். அவளைப் பொறுத்தவரை அது இன்னும் அவளுடைய இடம்.

எழுதிப் பார்த்த பதில்கள்

இதற்கு எப்படியெல்லாம் பதில் எழுதலாம் என்று பார்ப்போம்.

"ஐயோ, நாற்பத்தொன்று ஒண்டுமில்லடீ. கடந்தகால வினாத்தாள் செய், அடுத்த தவணை எடுத்துடுவாய்." இது பயனுள்ள பேச்சுத்தான். ஆனால் அவள் வழி கேட்கவில்லை. கேட்காத இடத்தில் சொல்லும் வழி, "இந்தப் பிரச்சினையை முடித்துவிட்டேன், இனிப் பேச வேண்டாம்" என்று காதில் விழும். நேரம் குறைவாக உள்ளபோது புத்திமதி சொல்லத்தான் கை முதலில் போகும், அதற்கு யோசிக்கத் தேவையில்லை என்பதால்.

"எனக்கும் அப்படித்தான்டீ. இந்தத் தவணை எனக்கும் புள்ளி குறைஞ்சிட்டுது." இதில் நல்லெண்ணம் இருக்கிறது. என்றாலும் பேச்சு அவளிடமிருந்து என்னிடம் வந்துவிடுகிறது. இனி அவள் என்னைத் தேற்ற வேண்டும். நீண்ட கதைப்பில் இப்படிச் சொல்வது ஆறுதல் தரும், ஏனென்றால் திரும்பி அவளிடம் போக இடம் இருக்கிறது. நாலு வரியில் அந்த இடம் இல்லை.

"ஸொரிடீ, சரியான வேலை, பிறகு எழுதுறன்." இது உண்மை. ஆனால் மடலை வாசித்ததற்கு இதில் ஓர் அடையாளமும் இல்லை. "பிறகு" என்பதற்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை. காந்தி சொன்ன காரணத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அங்கே காரணத்துக்குள் பையனும் இருந்தான். இங்கே என் வேலை மட்டும்தான் இருக்கிறது.

"யோசிக்காத, அல்லாஹ் இருக்கிறான்." நம்பிக்கையோடு சொன்னால் இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. ஆனால் மடலின் எந்த வரியையும் தொடாமல் இதை மட்டும் அனுப்பினால், பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது போலாகிவிடும். அவள் கேட்டது துஆ. அவள் பெயரைச் சொல்லி துஆ செய்துவிட்டு, செய்தேன் என்று சொல்வது வேறு.

இந்த நாலும் எந்தத் தோழிக்கும் அனுப்பக்கூடியவை. முன்பு இந்தியாவில் வாழ்த்துத் தந்திக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. வழக்கமான வாழ்த்து வசனங்களுக்கு இலக்கம் போட்டிருப்பார்கள். அனுப்புபவர் இலக்கத்தைக் குறித்துக் கொடுத்தால் போதும், பெறுபவருக்கு முழு வசனம் போய்ச் சேரும். கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் அது போதுமானது, அங்கே எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. துயரத்துக்கு இலக்கம் போட முடியாது. ஒவ்வொருத்தியின் துயரத்திலும் ஓர் உம்மும்மா, ஒரு நாற்பத்தொன்று, ஒரு படம் இருக்கிறது.

நான் அனுப்பிய பதில் இது:

"கடைசி வரிவரை வாசிச்சன்டீ. அந்தப் படத்தை இப்ப திரும்ப எடுத்துப் பார்த்தன். மூன்றாவது வரிசையில நீ நிக்கிற இடம் எது எண்டு அண்டைக்கும் எனக்குத் தெரிஞ்சது. இப்ப வகுப்புக்கு வெளிக்கிடுறன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நானே எடுக்கிறன், எல்லாம் கதைப்பம். இதுக்குப் பதில் எழுத வேணாம்."

மொத்தம் முப்பத்து மூன்று சொற்கள். மடலை இரண்டு தடவை வாசிக்க இரண்டு நிமிடம், படத்தைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம், எழுத இரண்டு நிமிடம். ஐந்து நிமிடத்தில் பாதிக்கு மேல் வாசிப்பதற்கும் பார்ப்பதற்கும் போனது. நேரம் குறையும்போது எழுதுவதைத்தான் குறைக்க வேண்டும், வாசிப்பதைக் குறைக்கக் கூடாது.

வசனம் வசனமாகப் பார்ப்போம். முதலாவது வசனம் வாசித்ததைச் சொல்கிறது, ஆனால் அதை மட்டும் எவரும் எழுதிவிடலாம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் அதை உண்மையாக்குகின்றன. அவள் "வேற ஆள் நிக்கிறா" என்றாள். "இல்லை, உன் இடத்தை யாரும் எடுக்கவில்லை" என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய். படத்தில் வேறொருத்தி நிற்பது அவளுக்கும் தெரியும். அன்புக்காகச் சொல்லும் சிறு பொய் கூட, எழுத்தில் நிற்கும்போது திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டு வெளுத்துப்போகும். ஆகவே எனக்கு உண்மையாகத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். "நின்ற" என்று மாற்றாமல், அவள் சொன்ன "நிக்கிற" என்பதையே வைத்தேன்.

நாலாவது வசனம் காரணம். மூன்று சொல், அதற்கு மேல் விளக்கம் இல்லை. ஐந்தாவது, நாளும் நேரமும். "நானே எடுக்கிறன்" என்றதால் அவள் என்னைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை. கடைசி வசனம் சின்னதுதான், ஆனாலும் அவளிடமிருந்து ஒரு வேலையை எடுத்துவிடுகிறது. நீண்ட மடல் எழுதிக் களைத்தவளிடம் "ஏன்? எப்போது? பிறகு என்ன நடந்தது?" என்று மூன்று கேள்வி கேட்டால், அவள் இன்னொரு நீண்ட மடல் எழுத வேண்டும். அதற்கும் எனக்கு நேரம் இருக்காது.

"நேரம் இருந்தா மட்டும் எழுது" என்று அவள் எழுதியதைப் பற்றியும் ஒரு சொல். அது நீண்ட மடல் எழுதும் எல்லோரும் போடும் வரி. அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடக் கூடாது. அது, "என் மடல் உனக்குப் பாரமாக இருக்குமோ" என்ற பயத்தின் வேறு வடிவம்.

பதில் போய்ச் சேர்ந்ததா என்று அறிவது எப்படி?

பதில் எழுத வேண்டாம் என்று சொல்லியும் அவள் இரவு ஒரு வரி எழுதினாள். "உண்மையாவே திரும்ப எடுத்துப் பார்த்தியா?" என்று. நான் தொட்ட வரியையே அவளும் எடுத்துக்கொண்டாள் என்றால் தெரிவு சரி. அவள் வெறும் "சரிடீ, தாங்ஸ்" என்று முடித்திருந்தாலோ, "நான் சும்மா சொன்னன், விடு" என்று பின்வாங்கியிருந்தாலோ, நான் வேறு வரியைத் தொட்டுவிட்டேன் என்று அறிந்திருப்பேன். அப்படி நடந்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. சொன்ன நாளில் பேசும்போது மடலைத் திறந்து வைத்துக்கொண்டு, மிச்ச வரிகளுக்குப் போகலாம். அதற்காக மடலை நட்சத்திரக் குறி இட்டு வைக்கலாம். வட்ஸ்அப்பில் "வாசிக்காதது" என்று குறித்து வைப்பதும் எங்களுக்கு நினைவூட்ட உதவும், ஆனால் அவளிடம் தெரியும் நீல அடையாளம் அதனால் மாறாது.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எடுத்தேன். அரை மணித்தியாலம் கதைத்தோம். அதில் பொருளியலைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடமும் இருக்காது. உம்மும்மாவின் வீக்கம் வற்றிவிட்டது, வாப்பாவின் மௌனம் கடைக் கணக்கைப் பற்றியது, புள்ளியைப் பற்றியது அல்ல. மிச்ச நேரமெல்லாம் இரண்டு ஊரிலும் மற்ற ஊர்ப் பெயரால் அழைக்கப்படுவதைப் பற்றியும், அந்தப் படத்தைப் பற்றியும்தான் பேசினாள்.

குறுகிய பதில் ஒரு கடன் சீட்டு மாதிரி. அதில் போட்ட நாளில் கடனைத் தீர்க்க வேண்டும். ஆகவே, காப்பாற்றக்கூடிய நாளையே எழுத வேண்டும். "நாளைக்கு" என்று எழுதுவது இலகு, ஆனால் நாளைக்கும் இதே வகுப்பு இருக்கும். இரண்டு நாள் தள்ளிச் சொல்லி அந்த நேரத்துக்கு எடுப்பது, நாளைக்கு என்று சொல்லி எடுக்காமல் விடுவதைவிட மேல். தவிர்க்க முடியாத தடை வந்தால் அந்த நேரம் கடப்பதற்கு முன்பே "இண்டைக்கு ஏலாது, நாளை இதே நேரம்" என்று அறிவித்துவிட வேண்டும்.

குறுகிய பதில் போதாத மடல்

இதுவரை சொன்னது எல்லா மடலுக்கும் பொருந்தாது. "இனி இருந்து என்ன பயன்", "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரி வரிகள் வந்தால், தன்னைத் தானே காயப்படுத்துவதாகச் சொன்னால், காரணமில்லாமல் எல்லோரிடமும் விடைபெறுவது போல எழுதினால், தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், அல்லது தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால், அங்கே நாலு வரி எழுதிவிட்டு வகுப்புக்குப் போக முடியாது. உடனே தொலைபேசியில் எடுங்கள். அவள் தனியாக இருக்கிறாளா என்று கேளுங்கள், அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வரும் வரை பேச்சை விடாதீர்கள். அந்தப் பெரியவர் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். வீட்டிலுள்ள ஒருவரால்தான் துன்பம் என்றால் ஆசிரியரிடம் போங்கள்.

"யாரிட்டயும் சொல்லாத" என்று அவள் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். பதினேழு வயதில் அந்தப் பாரத்தை ஒருத்தி தனியே சுமக்க முடியாது. இலங்கையில் மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கமும், பிள்ளைகள் துன்புறுத்தப்படும்போது அறிவிக்க 1929 என்ற இலக்கமும் இருக்கின்றன. தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

ஒரு பிள்ளை வகுப்புக்கு வெளிக்கிடும் நேரம் தொலைபேசியோடு குந்தியிருந்தால் கோபம் வருவது இயல்பு. சில நேரம் அவள் அங்கே ஒரு தோழியின் மடலை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருக்கலாம். "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்காமல், "எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்று சொன்னால், ஐந்து நிமிடம் கொடுங்கள். ஆறாவது நிமிடத்தில் தொலைபேசியை வாங்கி வைத்தாலும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எடுக்கிறேன் என்று பிள்ளை ஒரு தோழிக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அந்த அரை மணித்தியாலத்துக்குள் கடைக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பாமல் விடுங்கள். மடலுக்கு முப்பத்து மூன்று சொல்லில் பதில் எழுதியது அந்த அரை மணித்தியாலத்தை நம்பித்தான்.